கணினி வேலையோடு ஒரு மாதத் தங்கல்

லண்டன் நிறுவனத்துக்குக் கணினி வழி வேலை செய்யும் நம் தோட்டத்துப் பிள்ளை, வேலையையும் கையோடு கொண்டு ஜூலை மாதம் கோலசிலாங்கூரில் தங்க வருவதாக வைத்துக்கொள்வோம். முதலில் நாம் பார்க்க வேண்டியது கடிகாரத்தை. கோடையில் லண்டன் நமக்கு 7 மணி நேரம் பின்னே இருக்கிறது. அங்கே காலை 9 முதல் மாலை 5 வரை வேலை என்றால், இங்கே மாலை 4 முதல் நள்ளிரவு 12 வரை.

தூங்கி எழுந்தபின் பகல் அவனுடையது. மலாவத்தி குன்றுக்குப் போய் வரலாம். கம்போங் குவாந்தான் மின்மினிகளோ இருட்டிய பிறகே மின்னும். அதற்குச் சனி, ஞாயிறுதான். நிலவு வெளிச்சத்தில் மினுக்கு எடுபடாது. ஆகவே வீட்டு நாட்காட்டியில் அமாவாசையை ஒட்டிய வார இறுதியைப் படகுக்கு ஒதுக்கிவிட்டு, உறவினர் விருந்துகளை மற்ற வாரங்களில் வைத்துக்கொள்வோம். சனியன்று மழை வந்தால் ஞாயிறு இருக்கிறது.

இணைய வசதியை, அவன் உட்காரப்போகும் அறையிலேயே, மாலை நேரத்தில் சோதிக்க வேண்டும். அரை மணி நேரம் படத்தோடு பேசிப் பார்த்து, குரல் விட்டுவிட்டு வந்தால் பட்டணத்தில் அறை எடுப்பதே மேல். இன்னொன்று, "வீட்டில்தானே இருக்கிறான்" என்று மாலை 5 மணிக்குக் கடைக்கு அனுப்புகிறவர்கள் நாம்தான்! அந்த 8 மணி நேரமும் அவன் ஆலையில் இருப்பதாகவே எண்ணிக்கொள்வோம்.

தீபாவளியை ஒட்டி வருவதானால் கணக்கு மாறும். அக்டோபர் கடைசி ஞாயிறன்று லண்டன் கடிகாரத்தை 1 மணி நேரம் பின்னே வைப்பார்கள். அதன்பின் அவன் வேலை முடிய இரவு 1 மணியாகிவிடும்.