டியூவைத் தள்ளி வைக்கச் சொல்லி வங்கிக்கு எழுதுவது
(நம் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நம் குடியிருப்பில் பவர் டேபிள் வைத்திருப்பவர்கள், செக்கிங், அயர்னிங் எடுத்துச் செய்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். 2025 ஆகஸ்ட் 27 முதல் நம் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்ட பிறகு, "டியூவைக் கொஞ்சம் தள்ளி வைக்க வங்கியில் எப்படிக் கேட்பது?" என்று பலர் கேட்டார்கள். வங்கியில் கடன் மேசையில் உட்கார்ந்திருந்தவன் என்பதால் அதை மட்டும் பேசுகிறேன்.

ஒரு கற்பனை யூனிட்டை எடுத்துக்கொள்வோம். 14 மெஷின், எல்லாம் ஜாப் ஒர்க். மெஷினுக்கு வாங்கிய கடன் ரூ.9 லட்சம், வட்டி 11 சதவீதம், 60 மாதம். தவணை ரூ.19,570, தேதி மாதம் 10. 18 தவணை தவறாமல் கட்டியாகிவிட்டது. 2025 டிசம்பர் தவணைக்கு முன், முதலாளி மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்புகிறார்:

"வணக்கம் சார். இந்த மாசம் ரொம்ப டைட்டுங்க."
"கம்பெனில பில்லு பாஸ் பண்ண மாட்டேங்கறாங்க. அமெரிக்கா ஆர்டர் நின்னு போச்சுங்கறாங்க."
"தங்கச்சி கல்யாணச் செலவு வேறங்க."
"ரிசர்வ் பேங்க்கே தள்ளிக் கொடுக்கச் சொல்லிருக்குன்னு நியூஸ்ல பார்த்தனுங்க."
"ரெண்டு மாசம் டைம் குடுங்க சார், பிப்ரவரில மொத்தமா கட்டீர்றேன்."

இதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் மேனேஜர் இதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. கடன் கணக்கு எண் இல்லை, எவ்வளவு பணம் எங்கே நிற்கிறது என்பது இல்லை. கோப்பில் வைக்கவோ மேலிடத்துக்கு அனுப்பவோ ஒரு தாளும் இல்லை.

முதலில் ரிசர்வ் வங்கி விஷயம். 2025 நவம்பர் 14 அன்று வந்த அறிவிப்பு உண்மைதான். செப்டம்பர் 1 முதல் டிசம்பர் 31 வரை விழும் தவணைகளைத் தள்ளி வைக்கலாம், அந்தக் காலத்துக்குக் கூட்டு வட்டி கிடையாது என்றார்கள். பின்னலாடையும் அதில் உண்டு. ஆனால் அது ஏற்றுமதி செய்பவருக்கு. 2025 ஆகஸ்ட் 31 அன்று ஏற்றுமதிக் கடன் நிலுவையில் இருந்திருக்க வேண்டும், கணக்கும் ஒழுங்காக இருந்திருக்க வேண்டும். நாம் தைத்துக் கொடுத்த பீஸ் அமெரிக்கா போயிருக்கலாம், ஆனால் நம் பெயரில் ஏற்றுமதிக் கடன் இல்லையே! ஜாப் ஒர்க்காரர் கடிதத்தில் அந்த வரி இருந்தால் மேனேஜர் "இது உங்களுக்குப் பொருந்தாது" என்று அதோடு முடித்துவிடுவார். எடுத்துவிடுங்கள். கல்யாணத்தையும் எடுத்துவிடுங்கள். தொழிலுக்கு வர வேண்டிய பணம் வீட்டுக்குப் போகிறதோ என்ற சந்தேகத்தை நாமே கிளப்ப வேண்டாம்.

அடுத்தது "மொத்தமா கட்டீர்றேன்". எனக்கு இதுதான் பெரிய தவறாகத் தெரிகிறது. பிப்ரவரியில் மூன்று தவணை சேர்ந்தால் ரூ.58,710. ரூ.19,570 கட்ட முடியாதவர் அதை எப்படிக் கட்டுவார் என்றுதான் யாரும் கேட்பார்கள். தவணையைப் பிரித்துப் பாருங்கள். பாக்கி அசல் சுமார் ரூ.6,79,600. அதற்கு ஒரு மாத வட்டி ரூ.6,230. மீதி ரூ.13,340தான் அசல். வட்டியை நிறுத்தாமல் அசலை மட்டும் இரண்டு மாதம் தள்ளக் கேட்டால் பேச்சு மாறும். செலவும் தெளிவு: பாக்கி 42 தவணை அப்படியே இருக்கும், கூடுதலாக இரண்டு மாத வட்டி ரூ.12,460 போகும்.

இப்போது அதே செய்தி கடிதமாக:

"மதிப்பிற்குரிய கிளை மேலாளர் அவர்களுக்கு,
பொருள்: இயந்திரக் கடனில் இரண்டு மாத அசலைத் தள்ளி வைக்கக் கோருதல். கடன் கணக்கு எண், உத்யம் பதிவு எண்: ...
மேற்படி கடனில் 18 தவணைகளைத் தவறாமல் செலுத்தியுள்ளேன். அக்டோபரில் இரண்டு நிறுவனங்களுக்குத் தைத்துக் கொடுத்த வேலைக்கு ரூ.2,40,000 வர வேண்டியுள்ளது. அமெரிக்க ஆர்டர்கள் நின்றதால் அது தாமதமாகிறது. 14 இயந்திரங்களில் தற்போது 8 ஓடுகின்றன. உள்நாட்டு ஆர்டர் ஒன்று ஜனவரியில் தொடங்குகிறது.
டிசம்பர் 10, ஜனவரி 10 ஆகிய தேதிகளில் வட்டி ரூ.6,230 மட்டும் செலுத்தவும், பிப்ரவரி 10 முதல் முழுத் தவணை செலுத்தவும், கடன் காலத்தை இரண்டு மாதம் நீட்டிக்கவும் கோருகிறேன். இது இயலாவிட்டால், டிசம்பர் தவணையின் மீதியை டிசம்பர் 30க்குள் செலுத்த அனுமதி வேண்டுகிறேன். ஒரு நிறுவனம் டிசம்பர் 28 அன்று ரூ.90,000 தருவதாக எழுத்தில் உறுதி அளித்துள்ளது.
இணைப்பு: பில்கள், டெலிவரி சலான்கள், நிறுவனத்தின் உறுதி, புதிய ஆர்டர், ஆறு மாத ஜிஎஸ்டி ரிட்டர்ன், வங்கி ஸ்டேட்மென்ட்."

இரண்டாவது கோரிக்கை ஏன்? பணக்கஷ்டத்தைக் காரணம் காட்டிக் கடன் காலத்தை நீட்டினால், வங்கி விதிப்படி அது பெரும்பாலும் மறுசீரமைப்பு. கணக்கின் தரம் இறங்கலாம், நாளைக்கு வேறு கடன் கேட்கும்போது அந்தப் பதிவு முன்னால் வந்து நிற்கும். மேனேஜர் தயங்குவது இதனால்தான். கையெழுத்துப் போடுமுன் "இதை மறுசீரமைப்பாகப் பதிவு செய்வீர்களா?" என்று கேளுங்கள். ஆம் என்றால், சில நாள் தாமதமாகக் கட்டும் வழியே பல பேருக்கு மேல்.

அந்தத் தாமதத்துக்கும் எல்லை உண்டு. டிசம்பர் 10 தவணை அன்று இரவு கணக்கு முடிக்கும்போது நின்றால் அன்றே அது கவனிக்க வேண்டிய கணக்கு, அதாவது எஸ்எம்ஏ-0. ஜனவரி 9 அன்று எஸ்எம்ஏ-1. மார்ச் 10 வரை நின்றால் வாராக் கடன். நடுவில் ஐயாயிரம் பத்தாயிரம் கட்டினால் நாள் எண்ணிக்கை நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நிற்காது. மிகப் பழைய பாக்கி முழுதாகத் தீரும்வரை அதன் தேதியிலிருந்துதான் எண்ணுவார்கள்.

நிலைமை இரண்டு மாதத்தில் சரியாகாது என்று தெரிந்தால் வேறு வழி. சிறுதொழில்களை மீட்க 2016 மார்ச் 17 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட வழிமுறையில், தவணை தவறும் முன்பே தொழில் நடத்துபவரே விண்ணப்பிக்கலாம். மொத்தக் கடன் வரம்பு ரூ.10 லட்சம் வரை இருந்தால் கிளை அளவிலேயே பார்ப்பார்கள், அதற்கு மேல் போனால் வங்கியின் குழுவுக்குப் போகும். அப்படிக் கேட்பதானால் கடிதத்தில் அதன் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

கடிதத்தைத் தவணைக்குப் பத்து நாள் முன்பாவது நேரில் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். கிளையின் மின்னஞ்சலுக்கும் அனுப்புங்கள். பதில் வராதது சம்மதம் அல்ல. 10ஆம் தேதி தானாகப் பணம் எடுக்க முயல்வார்கள், கணக்கில் இல்லையென்றால் திரும்பும், அதற்குத் தனிக் கட்டணம். தாமதத்துக்கு அபராதக் கட்டணம் போடலாம், ஆனால் அதை அசலோடு சேர்த்து அதற்கு மேல் வட்டி போடக் கூடாது. ஸ்டேட்மென்ட் வந்ததும் அந்த வரியை மட்டும் ஒரு தடவை பாருங்கள்.

வாட்ஸ்அப் செய்தியை வேண்டாம் என்று சொல்லவில்லை. "சார், இன்னைக்குக் கடிதம் குடுத்திருக்கேனுங்க, பாருங்க" என்று அனுப்புங்கள், போதும்.