ஜெர்மனியிலிருந்து வந்த டிஸ்சார்ஜ் சம்மரி

(கிளைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் டாக்டர் இல்லை. பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் காலம் கழித்தவன். எங்கள் ஆபீஸில் ஜெர்மன் ரசாயன சஞ்சிகைகளைப் படித்துச் சுருக்கம் எழுத ஆள் தேவைப்பட்டது. அதற்காக எழுபதுகளில் புணே மாக்ஸ் முல்லர் பவனில் ஜெர்மன் கற்றுக்கொண்டேன். ரிடையர் ஆன பிறகு அந்த பாஷை, பிள்ளைகளை ஜெர்மனிக்கு அனுப்பிவிட்டு இங்கே கவலைப்படும் பெற்றோர்களுக்குத்தான் அதிகம் பயன்படுகிறது. அப்படி வந்த ஒரு கேஸை மட்டும் இன்று சொல்கிறேன்.

2022 நவம்பர் முதல் வாரம். எங்கள் காலனியில் இருக்கும் ஒரு தம்பதியின் பிள்ளை, வயது 44, தென் ஜெர்மனியில் வேலை. தீபாவளிக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போன மூன்றாம் நாள் நெஞ்சு வலி, ஆஸ்பத்திரி, ஸ்டென்ட். போனில் "ஒண்ணுமில்லேம்மா, நன்னா இருக்கேன்" என்கிறான். மாட்டுப்பெண் டிஸ்சார்ஜ் கடிதத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். சென்னையிலிருக்கும் சித்தப்பா அதில் ஒரு வார்த்தையை மட்டும் அகராதியில் பார்த்துவிட்டார். "நுரையீரலில் ரத்தக்கட்டி" என்று வந்தது. அவ்வளவுதான். அம்மா பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டார்.

என்னிடம் வந்த போட்டோக்கள் மூன்று. முதலில் நான் பார்த்தது வியாதியை அல்ல, பக்க எண்ணை. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் "4-இல் 1", "4-இல் 2" என்ற மாதிரி அச்சாகியிருந்தது. மூன்றாம் பக்கம் காணோம். மருந்துப் பட்டியல் அதில்தான் இருக்க வேண்டும். கடிதத்தை மேஜையில் தட்டையாக வைத்து, பகல் வெளிச்சத்தில், கையின் நிழல் விழாமல் நான்கு பக்கமும் மறுபடி எடுத்து அனுப்பும்படி மாட்டுப்பெண்ணுக்குச் செய்தி போட்டேன். அது வரும் வரை ஒரு வரிகூட மொழிபெயர்க்கவில்லை.

இந்தக் கடிதம் நோயாளிக்கு எழுதப்படுவதே இல்லை. ஆஸ்பத்திரி டாக்டர் நோயாளியின் குடும்ப டாக்டருக்கு எழுதுவது. ஆகவே "மதிப்பிற்குரிய சக வைத்தியரே" என்றுதான் ஆரம்பிக்கும். சக வைத்தியருக்குப் புரியும் என்பதால் எல்லாம் சுருக்கெழுத்து. அதில் வியாதியின் பெயரைவிட அதற்கு முன்னால் நிற்கும் சின்ன வார்த்தைதான் முக்கியம். "இஸட். என்." என்று இரண்டெழுத்து இருந்தால் "ட்சூஷ்டாண்ட் நாஹ்", அதாவது முன்பு நடந்து முடிந்தது. "வி. ஏ." என்றால் "ஃபெர்டாக்ட் அவுஃப்", சந்தேகம் மட்டுமே. "அவுஸ்ஷ்லுஸ்" என்றால் பரிசோதித்துப் பார்த்து இல்லை என்று விலக்கியது.

சித்தப்பா பார்த்த வார்த்தைக்கு முன்னால் "அவுஸ்ஷ்லுஸ்" இருந்தது! நீண்ட விமானப் பயணம் முடிந்த உடனே நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் என்றால், காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போயிருக்குமோ என்று டாக்டர்கள் சந்தேகிப்பார்கள். அதற்காக ஸி.டி. ஸ்கேன் எடுத்து, இல்லை என்று எழுதியிருந்தார்கள். இல்லாத வியாதிக்குத்தான் வீடு இரண்டு நாள் அழுதது.

"இஸட். என்." வரியில் 1998-இல் அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் என்று இருந்தது. தாயாரைக் கேட்டேன். "ஆமாம் மாமா, காலேஜ் படிக்கறச்சே" என்றார். வருஷமும் வயசும் பொருந்தின. தெரிந்த ஒரு விஷயத்தை வைத்து நம் வாசிப்பைச் சரிபார்ப்பது நல்லது.

நிஜமான வியாதி முதல் வரியில் இருந்தது: சிறிய வகை மாரடைப்பு. பக்கத்திலேயே I21.4 என்ற குறியீடு. இது சர்வதேச நோய்ப் பட்டியலின் எண். பாஷை மாறினாலும் எண் மாறாது. நம்மூர் டாக்டரிடம் அதைக் காட்டினால் போதும். ஸ்டென்ட் வைத்த இடத்தை "ரீவா" என்று எழுதியிருந்தார்கள். இங்கே எல்.ஏ.டி. என்று சொல்கிற அதே முன்பக்கத் தமனிக்கு ஜெர்மானியர் வைத்த பெயர் அது. புது வியாதி அல்ல.

"இதயம் 50 சதவீதம்தான் வேலை செய்யறதாமே?" என்று தகப்பனார் கேட்டார். அப்படி இல்லை. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் உள்ளே இருக்கும் ரத்தம் முழுவதையும் வெளியேற்றுவதில்லை. நல்ல இதயமே 55 முதல் 70 சதவீதம்தான் தள்ளும். 50 என்பது லேசான குறைவு. கடிதமும் "லேசாக" என்றே சொல்லியது.

மூன்றாம் பக்கம் வந்தது. ராமிப்ரில் மாத்திரை 25 மில்லிகிராம் என்று கண்ணுக்குப் பட்டது. ஆனால் அந்த மருந்தின் உச்ச அளவே நாளொன்றுக்கு 10. போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தால் நடுவே ஒரு காற்புள்ளி. ஜெர்மனியில் தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி போடுவார்கள். 2,5 என்றால் நம் இரண்டரை. "ஏ.எஸ்.எஸ். 100" என்பது ஆஸ்பிரின். இங்கே பெரும்பாலும் 75 கொடுப்பதால், சித்தப்பா சென்னையிலிருந்து 75 அனுப்பட்டுமா என்றார். வேண்டாம், அங்கே கொடுத்ததையே சாப்பிடட்டும் என்றேன். அதைவிட முக்கியம் டிகாக்ரெலார் என்ற இரண்டாவது மாத்திரை. காலை ஒன்று, மாலை ஒன்று, 2023 நவம்பர் வரை என்று தேதியோடு இருந்தது. ஸ்டென்டுக்குள் ரத்தம் உறையாமல் காப்பது அது. பல் பிடுங்கவோ வேறெதற்கோ இருதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது. மொழிபெயர்ப்பில் இந்த ஒரு வரியை மட்டும் சிவப்பு மையில் எழுதினேன்.

கடைசிப் பகுதிதான் தாயாரை மிகவும் கலக்கியது. தலைப்பு "ப்ரோட்சேடெரே". எழுத்தைப் பார்த்தால் ப்ரொஸீஜர் மாதிரி இருக்கும். இன்னொரு ஆபரேஷன் என்று நினைத்துவிட்டார்கள். இனிமேல் செய்ய வேண்டியவை என்பதே அர்த்தம். அதன் கீழே "தொந்தரவு ஏற்பட்டால் எப்போது வேண்டுமானாலும் வரவும்" என்று ஒரு வாக்கியம். எப்போது வேண்டுமானாலும் மோசமாகலாம் என்று ஒருவர் படித்திருந்தார்! அங்கே அது எல்லாக் கடிதத்திலும் வருகிற வழக்கமான வரி. அடுத்து, இரண்டு வாரத்துக்குள் மூன்று வாரம் வேறொரு நிலையத்தில் தங்க வேண்டும் என்றிருந்தது. இதுவும் மறுபடி ஆஸ்பத்திரி இல்லை. மேற்பார்வையில் நடைப்பயிற்சி, சைக்கிள், சாப்பாட்டு ஆலோசனை கொடுக்கும் மறுவாழ்வுச் சிகிச்சை. மாரடைப்புக்குப் பின் அங்கே அது சாதாரண நடைமுறை. அந்த மூன்று வாரமும் பிள்ளை வீட்டிலேயே இருக்க மாட்டான் என்று தெரிந்ததும் அம்மா டிக்கெட்டை டிசம்பருக்கு மாற்றிக்கொண்டார்.

ஓரத்தில் பேனாவால் கிறுக்கிய ஒரு வரி மட்டும் புரியவில்லை. "படிக்க முடியவில்லை" என்று அந்த இடத்தில் எழுதிவிட்டேன். பிள்ளை எத்தனை நாளில் வேலைக்குப் போவான், ஆயுசு எப்படி என்ற கேள்விகளுக்கு நான் பதில் சொல்வதில்லை. கடிதத்தில் இல்லாததை மொழிபெயர்க்க முடியாது.

கடிதத்தின் தலையில் "தற்காலிகமானது" என்று இருந்ததையும் குறித்துக் கொடுத்திருந்தேன். ஒரு ரத்தப் பரிசோதனை முடிவு பாக்கி. இறுதிக் கடிதம் டிசம்பரில் வந்தது. இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிட்டேன். லிப்போப்ரோட்டீன் (ஏ) என்ற கொழுப்பு அவனுக்கு மிக அதிகம். இது பெரும்பாலும் பரம்பரையாக வருவது, சாப்பாட்டால் அதிகம் மாறாது. உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் ஒரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் எழுதியிருந்தார். கடிதம் முழுவதிலும் இந்தியாவில் இருப்பவர்களுக்கென்று இருந்த வரி அது ஒன்றுதான். தில்லியில் இருக்கும் தங்கைக்கு அன்றே போன் செய்தார்கள். அவளுக்கும் அதிகமாகவே இருந்தது. இப்போது அங்கே ஓர் இருதய டாக்டரிடம் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.