தவணைப் பணமும் திருப்பணியும்

வன்னிப் பெருநிலப்பரப்பில், பொறுப்பாளர் சபைகளின் உடைமையாக உள்ள பழைய மடங்களும் மண்டபங்களும் பள்ளிக்கூடங்களும் இன்னும் சில எஞ்சி நிற்கின்றன. அவற்றைப் புதுப்பிக்க முன்வரும் நன்கொடையாளர் பெரும்பாலும் முழுத்தொகையையும் ஒருசேரத் தருவதில்லை. ஒரு தவணையைக் கொடுத்து, அதன் கணக்கைக் கண்டபின்னரே மறு தவணையை அனுப்புவர். ஆகவே சபையார் வகுக்க வேண்டிய திட்டம், மொத்தச் செலவு எவ்வளவு என்பதோடு முடிந்துவிடுவதில்லை. எந்த மாதத்தில் எந்த வேலை நடைபெறும், அந்த மாதத்தில் கையில் எவ்வளவு பணம் இருக்கும் என்னும் இரண்டையும் அது பொருத்திக் காட்டுதல் வேண்டும்.

வன்னியின் மேற்கெல்லையை அடுத்துள்ள திருக்கேதீச்சரத்தின் வரலாறு இதற்குச் சான்று. அத்தலத்தைப் புனரமைக்க வேண்டுமென ஆறுமுக நாவலர் 1872ஆம் ஆண்டில் வேண்டுகோள் விடுத்தார். நிலம் வாங்கப்பட்டது 1893இல். திருப்பணிச் சபை அமைந்தது 1948இல். அண்மைக் காலத்தில் இந்திய அரசு 32 கோடியே 60 இலட்சம் இலங்கை ரூபாயை நன்கொடையாக அளிக்க, மாமல்லபுரத்துச் சிற்பக் கல்லூரியின் துணையோடு கருங்கற் பணி நடந்து, 2022இல் குடமுழுக்கு நிறைவேறியது. பணம் வந்த அளவுக்கே வேலை நகரும் என்பதை இந்த ஆண்டுகளே கூறுகின்றன. வேலை நின்ற காலங்களிலும் கட்டடம் கெடாமல் இருத்தல் வேண்டும் என்பதே திட்டமிடுவோர் முதலில் மனத்திற் கொள்ளவேண்டிய செய்தியாகும்.

இதனை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். சுண்ணாம்புச் சாந்தினாற் கட்டிய செங்கற் சுவர்களும் பனஞ் சலாகைகளின்மேல் ஓடு வேய்ந்த கூரையும் உடைய ஒரு மடத்தை எண்ணிக் கொள்வோம். முன்புறம் ஒரு மண்டபம். பின்புறம் சில அறைகள். புதுப்பிக்க ஆகும் செலவு 60 இலட்சம் ரூபாய். அளவெடுத்தல், வரைபடம், அனுமதி, முட்டுக்கொடுத்தல் ஆகியவற்றுக்கு 6, கூரைக்கு 24, சுவர்களுக்கு 14, கதவு, யன்னல், தரை ஆகியவற்றுக்கு 8, எதிர்பாராச் செலவுக்கு 8. நன்கொடையாளர் இதனை 15 இலட்சம் வீதம் நான்கு தவணைகளாகத் தை, வைகாசி, புரட்டாதி, மறுதை ஆகிய மாதங்களில் தர இசைகின்றார்.

மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் எல்லாம் சரியாகவே தோன்றும். முதல் இரு தவணைகளும் சேர்ந்தால் 30 இலட்சம். ஆயத்த வேலைக்கு 6, கூரைக்கு 24, ஆக 30. ஆனால் பழைய கூரையின் உண்மை நிலை ஓட்டைக் கழற்றிய பின்னரே தெரியவரும். தீராந்தியின் நுனி சுவருக்குள் புதைந்திருக்கும் இடத்தில் கறையான் அரித்திருப்பது கீழிருந்து நோக்குவோருக்குப் புலப்படாது. நான்கு இலட்சம் மேலதிகமாகத் தேவைப்பட்டால், ஆடி மாதத்தில் ஓடில்லாத நிலையில் வேலை நின்றுவிடும். மூன்றாந் தவணை புரட்டாதியில். வன்னியின் பெருமழையோ ஐப்பசியில் தொடங்கிவிடும். சிறிது பிந்தினாலும், திறந்த சுவரின் தலையில் விழும் மழை சுண்ணாம்புச் சாந்தைக் கரைத்து, கூரைக்குச் செலவிட்டதைக் காட்டிலும் பெரிய சேதத்தை விளைவிக்கும்.

ஆகவே கூரையை இரண்டாகப் பிரிப்பதே தக்க வழி. முன்மண்டபத்தின் கூரை 14 இலட்சம். பின்னறைகளின் கூரை 10 இலட்சம். முதலாண்டில் மண்டபத்தை மட்டும் கழற்றி மூடுதல் வேண்டும். ஆயத்தத்தோடு சேர்த்து 20 இலட்சம் செல்லும். மறைந்திருந்த பழுதுகளுக்கு 4 இலட்சம். பின்னறைகளைத் தகரத்தால் தற்காலிகமாக மூடுவதற்கு 2 இலட்சம். இவை எதிர்பாராச் செலவுக்கு ஒதுக்கியதிலிருந்து எடுக்கப்படும். அப்பொழுதும் கையில் 4 இலட்சம் எஞ்சும். கணக்கை ஒப்படைத்து, நன்கொடையாளர் அதனைப் பரிசீலித்து, மூன்றாந் தவணை வங்கிக்கு வந்து சேரும் வரை வேலையாட்களைக் கலைக்காமல் வைத்திருக்க உதவும் பணம் இதுவே.

மழைக் காலத்தில், மூடிய மண்டபத்துக்குள் தச்சர் கதவுகளையும் யன்னல்களையும் செப்பனிடலாம். இதற்கு 5 இலட்சம். மழை ஓய்ந்த மாசியில் பின்னறைக் கூரை தொடங்கும்; அதற்கு 10 இலட்சம். சுவர் வேலைக்குரிய 14 இலட்சமும் தரைக்குரிய 3 இலட்சமும் இறுதித் தவணை வந்தபின் கோடையிற் செலவாகும். எல்லாம் முடிந்தபோது 2 இலட்சம் மிஞ்சும். மொத்தத் தொகை மாறவில்லை. வேலையின் வரிசை மட்டுமே மாறியுள்ளது. எந்தத் தவணையோடு நன்கொடை நின்றுவிட்டாலும் மடம் நனையாமல் நிற்கும்.

சுவர் வேலையை இறுதிக்கு வைப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. நனைந்த சுவர் கூரை மூடப்பட்ட பின் உலர்வதற்குப் பல மாதங்கள் வேண்டும். உலருமுன் பூசினாலும், சுண்ணாம்புக்குப் பதிலாகச் சீமெந்து பூசினாலும், உள்ளிருக்கும் ஈரம் வெளியேற இயலாது. சில பருவங்களில் வெள்ளை உப்புப் பூத்து, பூச்சு பொருமிக் கழன்றுவிடும். விரலால் தட்டும்போது வெற்றொலி எழுந்தால் பூச்சு சுவரைவிட்டு நீங்கிவிட்டது என்று அறியலாம். சீமெந்துப் பூச்சு விலைப்பட்டியலில் மலிவாகத் தோன்றினும், இரண்டாம் முறை செய்யும் கூலியையும் கூட்டிப் பார்த்தால் அது மலிவன்று.

விலை மாற்றமும் திட்டத்தைக் குலைக்க வல்லது. 2022இல் சில வாரங்களுக்குள் இலங்கை ரூபாயின் பெறுமதி பாதியளவுக்கு வீழ்ந்தமையும், சீமெந்து முதலிய பொருள்களின் விலை மிக உயர்ந்தமையும் பலரும் அனுபவித்தவை. மேற்கூறிய 60 இலட்சத்தையும் ரூபாயிலேயே உறுதி செய்துகொண்ட சபை அத்தகைய ஆண்டில் திட்டத்தை முடிக்க இயலாது. வெளிநாட்டு நாணயத்தில் தவணை பெறும் சபையோ, ரூபாய் மீண்டும் வலுப்பெறும் காலத்தில் குறைவாகப் பெறும். ஆதலால் ஒவ்வொரு தவணைக்கும் முன் அடுத்த கட்டத்தின் விலைகளை மட்டும் மீண்டும் கேட்டு எழுதுவதும், மரத்தையும் ஓட்டையும் முதல் தவணையிலேயே வாங்கி வைப்பதும் நன்று. வாங்கிய மரத்தை நிலத்திற் படாமல், கறையான் அணுகாமல் அடுக்குவதற்கான இடமும் வேண்டும்.

இறுதியாக, இரண்டு ஒழுங்குகள் உள. நன்கொடைப் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வேண்டும். கூரைக்கென்று வந்ததைத் திருவிழாவுக்குக் கைமாற்றாக எடுத்தால், அடுத்த கணக்கறிக்கை பிந்தும். அறிக்கை பிந்தினால் தவணை பிந்தும். தவணை பிந்தினால் மழை முந்திவிடும். அக்கட்டடம் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டதாயின், 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டப்படி முன்னனுமதி பெறாமல் ஓர் ஓட்டையும் கழற்றலாகாது. அவ்வனுமதிக்கான மாதங்களும் காலக் கணிப்பிற் சேர வேண்டும்.

ஒப்பந்தகாரருக்குரிய கூரைப் பணத்தில் ஒரு பகுதியை, இருபதில் ஒரு பங்கையாவது, நிறுத்தி வைக்கும் வழக்கமும் பயனுள்ளது. மண்டபத்துக்கு முதலாம் மார்கழியும் பின்னறைகளுக்கு மறு மார்கழியும் கடந்தபின், சபையார் உள்ளே சென்று சுவரின் தலையையும் தீராந்தியின் நுனியையும் நோக்குதல் வேண்டும். அவ்விடம் உலர்ந்திருந்தால் நிறுத்திய பணத்தைக் கொடுக்கலாம். ஈரக் கறை காணப்பட்டால், அதனைத் திருத்துவதற்குரிய பணம் அப்பொழுதும் சபையின் கையிலேயே இருக்கும்.