தாத்தாவின் அருளப்பன், தாயின் இவான்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



ஜூன் 24ஆம் நாள் திருமுழுக்கு யோவானின் பிறப்புப் பெருவிழா. அன்று நாம் கேட்கும் லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரப் பகுதி, உண்மையில் ஒரு பெயர்ச் சண்டையைச் சொல்கிறது. குழந்தை பிறந்து எட்டாம் நாள். விருத்தசேதனத்துக்கு வந்த சுற்றமும் அக்கம்பக்கமும் தந்தையின் பெயரையே பிள்ளைக்கு வைக்கப் பார்க்கிறார்கள். எலிசபெத்து மறுத்து, யோவான் என்று சொல்கிறார். உடனே வந்த பதில் என்ன? உங்கள் உறவில் இந்தப் பெயர் யாருக்கும் இல்லையே என்பதுதான். நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வதற்கும் இதற்கும் ஒரு மயிரிழை வித்தியாசம்கூட இல்லை.

அடுத்து அவர்கள் செய்ததைக் கவனிப்போம். பெற்ற தாய் வாய் திறந்து சொன்ன பிறகும், அவளைத் தாண்டிப் போய், பேச்சிழந்து நிற்கும் தகப்பனிடம் சைகை காட்டிக் கேட்கிறார்கள். இந்த வரியை எத்தனையோ ஆண்டுகளாகப் பீடத்தில் நின்று வாசித்திருக்கிறோம். அது நம்மையே குறிக்கிறது என்று எங்களுக்கு உறைத்தது, சில மாதங்களுக்கு முன் பங்கு அலுவலகத்தில் ஒரு குடும்பம் வந்து உட்கார்ந்தபோதுதான். அவர்களுடைய சம்மதத்தோடு, ஊரும் ஆளும் சொல்லாமல், அதை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

முதல் ஆண் குழந்தை. திருமுழுக்குக்கான படிவத்தில் பெயர் என்ற இடத்தில் 'ஆரோக்கிய அருளப்பன் இவான்' என்று எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருந்தார்கள். மூன்று கையெழுத்து தெரிந்தது. தகப்பனைப் பெற்ற தாத்தாவுக்கு, காலமான தன் தந்தை அருளப்பனின் பெயர் வரவேண்டும். தாயைப் பெற்ற பாட்டிக்கு ஒரு நேர்ச்சை. மகளுக்குக் குழந்தை தங்காமல் இருந்த காலத்தில், பிள்ளை பிறந்தால் ஆரோக்கியம் என்று பெயர் வைப்பதாக வேளாங்கண்ணி மாதாவிடம் வேண்டியிருந்தார். பிள்ளையின் தாய்க்கு, கருவுற்ற நாள் முதல் மனதில் இருந்தது இவான்.

தகப்பன் எந்தப் பெயருக்கும் வாதாடவில்லை. "சாமி, எந்தப் பேரா இருந்தாலும் சரி. ஒரே வார்த்தையா, எல்லாக் காகிதத்திலும் ஒரே மாதிரி இருக்கணும்" என்றார். அவருக்குக் காரணம் இருந்தது. திருமுழுக்கில் அவர் மரிய சூசை. பள்ளியில் சேர்க்கும்போது வீட்டில் கூப்பிட்ட ஜோசப் என்ற பெயர் பதிவேட்டில் ஏறிவிட்டது. சூசையும் ஜோசப்பும் ஒரே புனிதர்தான் என்று நமக்குத் தெரியும். கணினிக்குத் தெரியுமா? திருமணத்துக்குத் திருமுழுக்குச் சான்றிதழ் வாங்கியபோது ஒரு சிக்கல், வெளிநாட்டு வேலைக்குப் போனபோது இன்னொரு சிக்கல். இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று பிரமாணப் பத்திரம் எழுதி, கையொப்பத்துக்காக அலைந்து, ஒருமுறை வேலைக்குச் சேரும் தேதியே தள்ளிப்போயிற்று.

இரண்டு பெயர்ப் பழக்கம் திருச்சபையிலும் வேர்விட்டதுதான். 1917ஆம் ஆண்டின் பழைய திருச்சபைச் சட்டத்தொகுப்பின்படி, பெற்றோர் புனிதர் பெயரை வைக்க இசையாவிட்டால், குருவே ஒரு புனிதரின் பெயரைச் சேர்த்து, இரண்டையும் பதிவேட்டில் எழுதவேண்டும். 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு அப்படிக் கேட்கவில்லை. கிறிஸ்தவ உணர்வுக்கு அந்நியமான பெயர் வைக்கப்படாதபடி பெற்றோரும், ஞானப்பெற்றோரும், பங்குத்தந்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மட்டுமே 855ஆம் எண் சொல்கிறது. புனிதர் பெயர் நல்ல வழக்கம், ஆனால் கட்டாயமில்லை. அந்த மூவர் பட்டியலில் தாத்தா பாட்டி இல்லை என்பதையும் பார்க்கிறோம். அன்று அதைச் சொல்ல எங்களுக்குத் துணிவு வரவில்லை.

ஏனென்றால் தாத்தாவின் உரிமை நம் மொழியிலேயே இருக்கிறது. பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதன் பேச்சு வடிவம். தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன். ஆகவே அவர் கேட்டது பிடிவாதம் அல்ல. ஆனால் நாங்கள் ஒரு தவறு செய்தோம். தாத்தாவிடம் பேசினோம், தகப்பனிடம் பேசினோம், பாட்டியிடம் விசாரித்தோம். தாய் மடியில் பிள்ளையோடு ஓரத்து நாற்காலியில் இருந்தார். அரை மணி நேரம் அவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. செக்கரியாவின் வீட்டுக்கு வந்த உறவுக்காரர்களாவது அவர் சொன்னதைக் கேட்டுவிட்டுத்தான் தாண்டிப் போனார்கள்.

பிறகு கேட்டோம். "எனக்கு இவான்தான் சாமி. ஆனா என்னால வீட்டுல சண்டை வேண்டாம்" என்றார். சண்டை வேண்டாம் என்பதற்கு முன்னால் வந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டோம்.

முதலில் பாட்டியின் நேர்ச்சை. அவரை உண்மையாகவே பயம் வாட்டியது. பெயர் வைக்காவிட்டால் பிள்ளைக்கு ஏதாவது வந்துவிடுமோ என்ற பயம். நேர்ச்சை, தன் இயல்பிலேயே அதைச் செய்தவரை மட்டும்தான் கட்டுப்படுத்தும் என்கிறது சட்டத்தொகுப்பின் 1193ஆம் எண். பாட்டி செய்த நேர்ச்சை மகளையும் மருமகனையும் கட்டாது. தான் நேர்ந்ததை அதற்குச் சமமான அல்லது மேலான நற்செயலாக அவரே மாற்றிக்கொள்ளலாம். நியாயமான காரணம் இருந்தால் பங்குத்தந்தையே விலக்கும் அளிக்கலாம். மாதா கணக்கு வைத்துப் பழிவாங்குகிறவர் அல்ல என்பதையும் சேர்த்துச் சொன்னோம். பாட்டி சிறிது நேரம் அழுதார். பிறகு, செப்டம்பர் 8 திருவிழாவுக்குப் பேரனைத் தூக்கிக்கொண்டு போய், அங்கே வரும் நோயாளிகளுக்கு ஒருவேளை உணவு கொடுப்பதாக மாற்றிக்கொண்டார். படிவத்தில் 'ஆரோக்கிய' என்ற சொல்லைத் தன் கையாலேயே அடித்தார்.

அடுத்தது அருளப்பனும் இவானும். இங்கே ஒரு வேடிக்கை. யோவான் என்ற எபிரேயப் பெயரின் பொருள், கடவுள் அருள் காட்டினார் என்பது. நம் முன்னோர் அந்த 'அருளை' எடுத்து அருளப்பர் ஆக்கினார்கள். ஓரியூரில் உயிர்விட்ட ஜான் தெ பிரிட்டோ நமக்கு அருளானந்தர் ஆனதும் அப்படித்தான். லாசர் என்றால் கடவுள் உதவினார். அதனால்தான் 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்ற நீலகண்டனுக்கு லாசர் என்ற பெயர் தமிழில் தேவசகாயம் ஆயிற்று. 2022இல் அதே பெயரில் புனிதரானார். சரி, இவான்? ரஷ்யர்களும் வேறு சில ஸ்லாவிய மக்களும் யோவான் என்ற பெயரை அப்படித்தான் வழங்குகிறார்கள். தாய்க்கு இது தெரியாது. சின்னதாக, இனிமையாக இருக்கிறது என்றுதான் எடுத்திருந்தார். ஆக அந்தப் படிவத்தில் ஒரே புனிதரின் பெயரையே இரண்டு முறை எழுதி வைத்திருந்தார்கள்.

எல்லாம் தீர்ந்தது என்று நினைத்தோம். தாத்தா தலையை ஆட்டினார். "அது சாமிக்குச் சரி. எங்க அப்பாவை யாரும் இவான்னு கூப்பிடலையே" என்றார். அதற்கு எங்களிடம் பதில் இல்லை. சொல்லின் வேரைக் காட்டி ஒருவருடைய இழப்பை ஈடுகட்ட முடியாது.

பிறகு காகிதங்களை விரித்தோம். மருத்துவமனையில் அவசரப்பட்டுப் பெயர் கொடுக்காமல், பெயரில்லாமலேயே பிறப்பைப் பதிந்திருந்தார்கள். இது நல்ல காரியம். பிறப்பை 21 நாள்களுக்குள் பதியவேண்டும். பெயரை 12 மாதம்வரை கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதன்பிறகும் 15 ஆண்டுவரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். ஆனால் ஒருமுறை ஏறிய பெயரை மாற்றுவது எளிதல்ல. எழுத்துப்பிழை திருத்தம் வேறு, பெயர் மாற்றம் வேறு. மேலும் 2023 அக்டோபர் முதல் நாளிலிருந்து பிறந்த குழந்தைகளுக்கு, பள்ளிச் சேர்க்கை முதல் பலவற்றுக்கும் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். பள்ளி அதைப் பார்த்தே எழுதும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் பள்ளிப் பதிவைப் பார்த்து வரும். ஆகவே வீட்டில் முடிவாகாத சண்டையை அந்த ஒரு கட்டத்துக்குள் மூன்று பெயராகத் திணிப்பது, தீர்வைப் பிள்ளையின் தலையில் ஒத்திப்போடுவதுதான். மூன்று சொல் பெயரில் எது முதற்பெயர், எது குடும்பப்பெயர் என்று ஒவ்வொரு படிவமும் கேட்கும். ஆரோக்கியத்தையே ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதுகிற ஊர் இது. ராசி எண்ணுக்காக ஓர் எழுத்தை நீட்டுகிறவர்களும் நம்மில் உண்டு. விசுவாசத்துக்கும் ஆகாது, காகிதத்துக்கும் ஆகாது, அவ்வளவுதான்.

இவானிலும் ஒரு பள்ளம் இருந்தது, தகப்பன்தான் கண்டுபிடித்தார். ஆங்கிலத்தில் மட்டும் எழுதிக் கொடுத்தால், தமிழில் எழுதுகிறவர் ஐவன் என்று எழுதிவிடுவார். ஆகவே இரண்டு மொழியிலும் தாங்களே பெரிய எழுத்தில் எழுதிக்கொடுத்து, பதிந்தவுடன் அங்கேயே நின்று எழுத்தெழுத்தாகச் சரிபார்ப்பதாக முடிவு. பிறப்புச் சான்றிதழ் கைக்கு வந்தபிறகே திருமுழுக்கு. அதைப் பார்த்து அதே எழுத்துகளில் எங்கள் பதிவேட்டில் எழுதுவோம். பாதுகாவலர் திருமுழுக்கு யோவான் என்று குறிப்புப் பகுதியில் சேர்ப்போம் என்றோம்.

தாத்தா ஒப்புக்கொண்டார் என்று சொல்லமாட்டோம். எதிர்க்கவில்லை. மருமகள்தான் எழுந்துபோய், பிள்ளையை அவர் மடியில் வைத்து, "வீட்டுல நீங்க உங்க அப்பா பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க மாமா, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்றார்.

செக்கரியா எழுதுபலகையில், பெயர் யோவானாக இருக்கட்டும் என்று எழுதவில்லை. ஏற்கெனவே அதுதான் பெயர் என்கிற தொனியில் எழுதினார். வானதூதர் சொன்னதையும் மனைவி சொன்னதையும் அவர் பலகையில் பதிவு செய்தார். தன் பெயரை அதில் சேர்க்கவில்லை. அதன்பின்தான் அவர் நாவு கட்டவிழ்ந்தது.

திருமுழுக்கு நாளன்று சடங்கின் தொடக்கத்தில், குழந்தைக்கு என்ன பெயர் வைக்கிறீர்கள் என்று கேட்டபோது, நாங்கள் தாயின் முகத்தைப் பார்த்துக் கேட்டோம். இவான் என்று அவர் சொன்னார். தாத்தா பின்வரிசையில் நின்றார்.

போன மாதம் வீடு மந்திரிக்க அவர்கள் தெருவுக்குப் போயிருந்தோம். திண்ணையில் தாத்தா, பேரனைக் காலில் நிறுத்தி, "என்னடா அருளப்பா" என்று கொஞ்சிக்கொண்டிருந்தார். இவான் என்று இதுவரை ஒருமுறைகூட அவர் கூப்பிட்டதில்லையாம். உள்ளேயிருந்து தாய் இவான் என்று அழைக்க, பிள்ளை அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்தான்.