பார்சல் கட்டும் வீடியோவில் எதைப் பார்க்க வேண்டும்?

(நம் சங்கத்தின் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் குடியிருப்பில் இரண்டு வகையினர் இருக்கிறோம். ஏற்காட்டுக் காபித்தூளையும் மிளகையும் வெளியூருக்கு அனுப்பி நான்கு காசு பார்ப்பவர்கள் ஒரு வகை. துணிமணியிலிருந்து மிக்ஸி ஜார் வரை எல்லாவற்றையும் ஆன்லைனில் வரவழைப்பவர்கள் இன்னொரு வகை. அனுப்புகிறவருக்கும் வாங்குகிறவருக்கும் நடுவில் இருப்பது ஒரே பயம்தான்: கேட்டது ஒன்று, வந்தது ஒன்று என்று ஆகிவிட்டால்?

இந்தப் பயத்தைப் போக்கத்தான் இப்போது பலரும் பார்சல் கட்டுவதை வீடியோ எடுத்துப் போடுகிறார்கள். தூளை அளப்பது, பையை ஒட்டுவது, பெட்டியில் அடுக்குவது எல்லாம் பார்க்க நன்றாகவே இருக்கிறது. பின்னால் பாட்டு வேறு. ஆனால் அது விளம்பரம். உங்கள் பெட்டிக்குள் உங்கள் பொருள் போனது என்பதற்கு அது சாட்சி ஆகாது. சாட்சியாக இருக்க வேண்டுமானால் வீடியோவில் மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும். ஆர்டர் எண், பொருளின் லேபிள், எடை. இவை ஒவ்வொன்றும் வேறொரு தவறைப் பிடிக்கும்.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து ஒருவர் ஆர்டர் தருகிறார். ஆர்டர் எண் 147. சிக்கரி கலந்த 80:20 காபித்தூள் 500 கிராம், சிக்கரி இல்லாத தூள் 250 கிராம், மிளகு 250 கிராம். நிகர எடை சரியாக ஒரு கிலோ. மூன்று பைகளும் சேர்ந்து 30 கிராம், அட்டைப்பெட்டியும் தாளும் டேப்பும் 190 கிராம் என்று வைத்துக்கொண்டால், கட்டிய பார்சல் 1,220 கிராம்.

வீடியோ இப்படிப் போக வேண்டும். முதலில் 147 என்று எழுதிய ஆர்டர் சீட்டு. அடுத்து காலித் தராசு பூஜ்யம் காட்டுவது. பிறகு ஒவ்வொரு பையையும் லேபிள் தெரியும்படி காட்டித் தராசில் வைத்துப் பெட்டியில் போடுவது. பெட்டியை மூடி, டேப் ஒட்டி, அதே 147 எழுதிய முகவரிச் சீட்டை ஒட்டுவது. கடைசியில் முழுப் பார்சலின் எடை. எல்லாம் ஒரே ஓட்டத்தில், நடுவில் வெட்டாமல், பெட்டி திரையை விட்டு வெளியே போகாமல் இருக்க வேண்டும். ஒன்றரை நிமிடம் போதும்.

இப்போது என்னென்ன தவறு நேரலாம் என்று பாருங்கள். மிளகுப் பை விட்டுப்போயிருந்தால் பார்சல் 960 கிராம்தான் இருக்கும். தபால் நிலையத்தில் ஸ்பீடு போஸ்ட் பதிவு செய்யும்போது எடை போட்டு ரசீதில் அச்சடித்துத் தருகிறார்கள். வீடியோவில் உள்ள எடையும் ரசீதில் உள்ள எடையும் ஒத்துப்போனால், விற்பவர் சம்பந்தப்படாத மூன்றாம் ஆள் கணக்கைச் சரிபார்த்த மாதிரி. வங்கியில் இதைத்தான் டேலி ஆகிறது என்போம்.

ஆனால் 80:20 தூளுக்குப் பதில் 70:30 போய்விட்டால் எடை காட்டிக்கொடுக்காது. நிறத்தை வைத்தும் சொல்ல முடியாது. அங்கே லேபிள்தான் துணை. சிக்கரி கலந்த தூள் என்றால் காபி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை சதவீதம் என்று பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. அந்த வரி வீடியோவில் படிக்கும்படி தெரிய வேண்டும். லேபிளையே தவறான பையில் ஒட்டிவிட்டால் இந்த வீடியோவும் பிடிக்காது. அதனால் அரைத்த தூளைப் பையில் நிரப்பிய கையோடு லேபிள் ஒட்டிவிட வேண்டும். வெறும் பைகளை வரிசையாக வைத்துவிட்டுப் பிறகு ஒட்டினால் குழப்பம் வரும்.

எடை காட்டுவதற்கு நம் மலையில் இன்னொரு காரணமும் உண்டு. ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் கடற்கரை ஊரைவிடக் குறைவு. கொஞ்சம் காற்றோடு ஒட்டிய மிளகுப் பை, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சென்னை போய்ச் சேரும்போது உள்ளே இருக்கும் காற்று ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு சுருங்கிவிடும். பை ஒடுங்கிப்போய் இருக்கும். பார்த்தவர், “அளவு குறைச்சலா இருக்கே” என்று சந்தேகப்படுவார். மிளகு ஒரு மணிகூடக் குறைந்திருக்காது. தராசில் பையோடு சேர்த்து 260 காட்டிய வீடியோ இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

பார்சல் பதிவானதும் ஸ்பீடு போஸ்ட் எண்ணையும் ஆர்டர் எண்ணையும் ஒரே செய்தியில் வாடிக்கையாளருக்கு அனுப்பிவிடுங்கள். அந்த எண்ணில் முதலில் இரண்டு ஆங்கில எழுத்து, பிறகு ஒன்பது இலக்கம், கடைசியில் IN என்று இருக்கும். ஒன்பதாவது இலக்கம் முதல் எட்டிலிருந்து கணக்கிட்டுப் போடும் சரிபார்ப்பு இலக்கம். ஆகவே கையால் எழுதும்போது ஓர் இலக்கம் மாறினால் அது பெரும்பாலும் செல்லாத எண்ணாகிவிடும். பார்த்து எழுதுங்கள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. முகவரியும் போன் நம்பரும் தெரியும் வீடியோவை எல்லோரும் பார்க்கும் இடத்தில் போடவே கூடாது. முழு வீடியோ வாங்கியவருக்கு மட்டும். பொதுவில் போடுவதற்கு முகவரி ஒட்டுவதற்கு முந்தைய பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். புகார் வரக்கூடிய காலம் முடியும் வரை முழு வீடியோவை ஆர்டர் எண்ணைப் பெயராக வைத்துச் சேமித்து வையுங்கள். கேட்கும்போது தேட வேண்டியிருக்காது.

இனி வாங்குபவர்களுக்கு. “ஓப்பனிங் வீடியோ இல்லாமல் புகார் ஏற்க மாட்டோம்” என்று பல கடைகள் எழுதிவிடுகின்றன. எடுத்து வைப்பது நல்லதுதான். பிரிக்காத பார்சலின் ஆறு பக்கமும், முகவரிச் சீட்டும், டேப்பும் முதலில் காட்டுங்கள். வீட்டில் சமையல் தராசு இருந்தால் எடை போடுங்கள். பிறகு நிறுத்தாமல் பிரித்து ஒவ்வொன்றாக வெளியே எடுங்கள். விற்பவர் எடுத்தது பற்று என்றால் நீங்கள் எடுத்தது வரவு. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் தவறு வழியில் நடந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். அப்போது இருவரும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்ளாமல், சேர்ந்து அனுப்பிய இடத்தில் முறையிடலாம்.

ஆனால் வீடியோ எடுக்கவில்லை என்பதால் உங்கள் உரிமை போய்விடாது. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, ஆன்லைனில் தொழிலாக விற்பவர், சொன்னதற்கு மாறான பொருளையோ குறையுள்ள பொருளையோ திரும்ப எடுக்க மறுக்கக்கூடாது. கடைக்காரர் எழுதி வைத்த வரி சட்டத்தை மாற்றாது. வீடியோ இல்லாவிட்டால் நிரூபிப்பது சிரமம், அவ்வளவுதான். பேசித் தீரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.

வீடியோவால் சொல்ல முடியாததும் உண்டு. கொட்டை சரியாக வறுபட்டதா, தூள் எத்தனை நாள் பழசு என்பதெல்லாம் அதில் தெரியாது. அதற்கு லேபிளில் தேதியைப் பாருங்கள். பிறகு டம்ளரில் ஊற்றிப் பாருங்கள்.

வங்கிக் கவுண்டரில், “நகரும் முன் பணத்தை எண்ணிப் பார்க்கவும்” என்று பலகை இருக்கும். அதை யாரும் அவமானமாக எடுத்துக்கொண்டதில்லை. கொடுப்பவர் எதிரில் எண்ணிக் கொடுப்பார், வாங்குபவர் அங்கேயே எண்ணிப் பார்ப்பார். இப்போது கவுண்டருக்கு இந்தப் பக்கம் ஏற்காடு, அந்தப் பக்கம் சென்னை. எதிரில் எண்ண முடியாத தூரம் என்பதால்தான் கேமரா வந்திருக்கிறது. நம் குடியிருப்பில் பார்சல் அனுப்புபவர்கள் அடுத்த ஆர்டரிலிருந்தே சீட்டையும் தராசையும் கேமராவுக்கு முன்னால் வைத்துவிடுங்கள்.