இருட்டில் ஐந்து இரவுகள்

ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரே சமையலைச் சாப்பிட்டுக்கொண்டு, ஒருவருக்கொருவர் எதுவும் பேசாமல் நாளைக் கடத்தும் கணவன் மனைவி நம் தெருவிலும் உண்டு. சாப்பாடு ஆயிற்றா என்ற கேள்வியோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும். அப்படியே ஆண்டுகள் ஓடிவிடும். அந்த மௌனம் உடையும்போது என்ன நடக்கிறது என்பதை ஒரு சிறுகதை மிக நுட்பமாகச் சொல்கிறது. இன்று அந்தக் கதையைப் பற்றித்தான் உங்களோடு பேசப்போகிறேன்.

எழுதியவர் ஜும்பா லாஹிரி. வங்காளிப் பெற்றோருக்கு 1967இல் லண்டனில் பிறந்து, அமெரிக்காவில் வளர்ந்தவர். கதையின் பெயர் 'எ டெம்பரரி மேட்டர்'. 1999இல் வெளிவந்த அவருடைய முதல் தொகுப்பில் இதுதான் முதல் கதை. அந்தத் தொகுப்பு அடுத்த ஆண்டே புலிட்சர் பரிசு பெற்றது.

கதை பாஸ்டன் நகரத்தில் நடக்கிறது. கணவன் சுகுமாருக்கு வயது 35. இந்தியாவில் நடந்த விவசாயிகள் கிளர்ச்சிகளைப் பற்றிய ஆய்வேட்டை எழுதி முடிக்க முடியாமல் வீட்டிலேயே கிடக்கிறான். மனைவி ஷோபாவுக்கு 33. பிழை திருத்தும் வேலை. காலையில் போனால் இரவில்தான் திரும்புவாள். கதை தொடங்குவதற்கு ஆறு மாதம் முன்பு, செப்டம்பரில், அவர்களுக்குப் பிறக்க இருந்த குழந்தை இறந்தே பிறந்தது. மூன்று வாரம் முன்கூட்டியே வலி வந்துவிட்டது. அந்த நேரத்தில் சுகுமார் பால்டிமோரில் ஒரு கருத்தரங்கில் இருந்தான். போகமாட்டேன் என்று சொன்னவனைப் போய்வா என்று அனுப்பிவைத்தவளே ஷோபாதான்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் இரவுச் சாப்பாடு எப்படி நடக்கிறது, பாருங்கள். அவன் தட்டை எடுத்துக்கொண்டு தன் படிப்பறைக்குப் போய்விடுகிறான். அவள் தட்டோடு தொலைக்காட்சியின் முன்னால் உட்கார்ந்துகொள்கிறாள், அல்லது பிழை திருத்த வேண்டிய தாள்களைப் பரப்பிக்கொள்கிறாள். அவன் ஆய்வு செய்கிற அந்த அறை குழந்தைக்கென்று தயார்செய்த அறை. ஷோபா அதற்குள் நுழைய விரும்பமாட்டாள் என்று தெரிந்தேதான் அங்கே போய் மேசையைப் போட்டிருக்கிறான். சண்டை இல்லை, குரல் உயர்வதில்லை. மனைவியிடமிருந்து ஒளிந்துகொள்ள இடம் தேடியவன், இறந்த குழந்தையின் அறையில் போய் உட்கார்ந்திருக்கிறான். இந்த ஒன்றைச் சொன்னாலே போதும், அந்தத் திருமணம் எந்த நிலையில் இருக்கிறது என்று நமக்கு விளங்கிவிடுகிறது.

லாஹிரி இதையெல்லாம் சமையலறை வழியாகச் சொல்லும் விதம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒருகாலத்தில் ஷோபா ஒரு படைக்கே சமைக்கிற மாதிரி பொருள் சேர்த்துவைத்தவள். சனிக்கிழமைச் சந்தையில் ஆட்டிறைச்சியை மொத்தமாக வாங்கி, துண்டுபோட்டு, பை பையாக உறையவைப்பாள். மூட்டை மூட்டையாகப் பாசுமதி அரிசி இருக்கும். எந்தப் பண்டத்தை எந்தத் தேதியில் சேர்ந்து சாப்பிட்டோம் என்று சமையல் குறிப்பிலேயே எழுதியும் வைத்திருந்தாள். இப்போது அவள் சமைப்பதில்லை. அவள் சேர்த்ததை எடுத்துச் சுகுமார் சமைக்கிறான். இருப்பு குறைந்துகொண்டே வருகிறது, புதிதாக யாரும் எதையும் வாங்கி வைப்பதில்லை. எதிர்காலம் என்று ஒன்று இருக்கிறது என நம்புகிறவர்கள்தான் அரிசியை மூட்டையாக வாங்குவார்கள். அந்த நம்பிக்கை போய்விட்டதை ஆசிரியர் ஓரிடத்தில்கூட வாய்விட்டுச் சொல்வதில்லை. அலமாரியைத் திறந்து காட்டுகிறார், அவ்வளவுதான்.

இந்த நிலையில் ஓர் அறிவிப்பு வருகிறது. பனிப்புயலில் பழுதான மின்கம்பியைச் சரிசெய்ய, ஐந்து நாட்களுக்கு இரவு எட்டு மணிமுதல் ஒரு மணி நேரம் மின்சாரம் இருக்காது. இருட்டில் தொலைக்காட்சியும் இல்லை, கணினியும் இல்லை. ஒளிந்துகொள்ள இடம் இல்லாமல் இருவரும் ஒரே மேசையில் வந்து உட்காருகிறார்கள். வீட்டில் மெழுகுவத்திகூடக் கிடையாது. பிறந்தநாள் கேக்கில் குத்துகிற சின்னஞ்சிறு மெழுகுவத்திகளை ஒரு பூந்தொட்டி மண்ணில் நட்டு ஏற்றுகிறான்.

இந்தியாவில் தன் பாட்டி வீட்டில் மின்சாரம் போனால் எல்லோரும் ஆளுக்கொன்று சொல்லவேண்டும் என்று வைத்துக்கொள்வார்கள் என்கிறாள் ஷோபா. ஒரு பாட்டோ, வேடிக்கைப் பேச்சோ, ஏதேனும் ஒரு செய்தியோ. நாமும் அப்படிச் செய்வோம், ஆனால் இதுவரை ஒருவருக்கொருவர் சொல்லாத ஒன்றைச் சொல்வோம் என்கிறாள். அவளே தொடங்குகிறாள்.

இங்கேதான் நீங்கள் கூர்ந்து கவனிக்கவேண்டும். முதல் இரவில் சொல்லப்படுவது மிகச் சின்னது. பழகத் தொடங்கிய நாளில், உன் முகவரிப் புத்தகத்தில் என் பெயரை எழுதியிருக்கிறாயா என்று திருட்டுத்தனமாகப் பார்த்தேன் என்கிறாள். முதன்முதலில் சேர்ந்து உணவகத்துக்குப் போன அன்று பரிமாறியவருக்கு அன்பளிப்பு வைக்க மறந்துவிட்டேன், இவளைத்தான் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்று தோன்றிய மயக்கத்தில் மறந்துவிட்டேன், மறுநாள் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன் என்கிறான் அவன். இரண்டும் ரகசியம் என்ற பெயரில் சொல்லப்பட்ட அன்பு.

அடுத்த இரவிலேயே திசை மாறுகிறது. உன் அம்மா வந்திருந்தபோது, வேலை இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டுத் தோழியோடு வெளியே போனேன் என்கிறாள். கல்லூரித் தேர்வில் பக்கத்து மாணவனைப் பார்த்து எழுதினேன் என்கிறான். மூன்றாம் இரவில், நம் திருமணநாளுக்கு நீ கொடுத்த கம்பளிச் சட்டையைக் கடையில் திருப்பிக் கொடுத்து, அந்தக் காசில் பட்டப்பகலில் குடித்தேன் என்கிறான். உன் முகவாயில் உணவு ஒட்டியிருந்தது தெரிந்தும் வேண்டுமென்றே சொல்லாமல், துறைத் தலைவரோடு பேசவிட்டேன் என்கிறாள். நான்காம் இரவில், நீ கர்ப்பமாயிருந்தபோது ஒரு பத்திரிகையிலிருந்து வேறொரு பெண்ணின் படத்தைக் கிழித்து வைத்திருந்தேன் என்கிறான். பத்திரிகையில் வெளிவந்த உன் ஒரே கவிதை எனக்குப் பிடிக்கவே இல்லை என்கிறாள். ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் கொஞ்சம் ஆழமாகத் தைக்கிறது. ஆனால் யாருக்கும் கோபம் வருவதில்லை. மூன்றாம் இரவில் முத்தம், நான்காம் இரவில் ஒரே படுக்கை. சுகுமாரோடு சேர்ந்து நாமும், எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பத் தொடங்குகிறோம்.

அப்படி நாம் நம்புவதற்குக் காரணம் உண்டு. கதை முழுவதும் சுகுமாரின் கண்வழியாகவே சொல்லப்படுகிறது. ஷோபாவின் மனதுக்குள் நாம் ஒருமுறைகூடப் போவதில்லை. திரும்பப் படிக்கும்போதுதான் தடயங்கள் கண்ணில் படுகின்றன. வேலையில் கிடைத்த உபரிப் பணத்தைத் தன் பெயரில் தனிக்கணக்கில் போட்டுவைப்பது அவள் வழக்கம் என்று முன்பே சொல்லப்பட்டிருக்கிறது. இந்த விளையாட்டை முன்மொழிந்தவளும் அவள்தான். இன்னொன்று, எனக்கு இதுவே பெரியதாகப் படுகிறது. நான்கு இரவும் எத்தனையோ பேசியவர்கள் இறந்த குழந்தையைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. எதைப் பேசாததால் அந்த வீடு ஊமையானதோ அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசினார்கள்.

ஐந்தாம் நாள் மின்கம்பி முன்கூட்டியே சரியாகிவிட்டது என்று செய்தி வருகிறது. அவனுக்கு ஏமாற்றம். ஆனாலும் மெழுகுவத்தி ஏற்றிச் சாப்பிடுகிறார்கள். சாப்பிட்டு முடித்ததும் ஷோபா எழுந்து விளக்கைப் போடுகிறாள். இதைச் சொல்லும்போது என் முகத்தை நீ பார்க்கவேண்டும் என்கிறாள். கர்ப்பமாயிருக்கிறேன் என்று முன்பு சொன்னபோதும் அவள் இதேபோல்தான் தொடங்கியிருந்தாள். அதனால் அவன் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அவள் சொன்னது இதுதான்: தனியாக ஒரு வீடு பார்த்துவிட்டேன், இன்று மாலை ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

அத்தனை இரவும் அவன் நெருங்கி வருவதாக நினைத்துப் பேசினான். அவள் விடைபெறத் துணிவு சேர்ப்பதற்காகப் பேசினாள்.

இப்போது அவன் முறை. பிறக்கப்போவது ஆணா பெண்ணா என்று முன்னதாகத் தெரிந்துகொள்ள ஷோபா விரும்பவில்லை. குழந்தை போன பிறகு, அது தெரியாமல் இருப்பது ஒன்றே அவளுக்குப் புகலிடமாக இருந்தது. எல்லாம் முடிந்த பிறகுதான் கணவன் வந்து சேர்ந்தான், அவனுக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். நீ அங்கே இல்லையே என்று அவளுடைய அம்மாவும் ஒருமுறை அவனைக் குத்திக்காட்டியதுண்டு. ஆனால் அவன் சீக்கிரமே வந்துவிட்டான். ஷோபா தூங்கிக்கொண்டிருந்தாள். கையில் வாங்கிக்கொண்டால் துக்கம் ஆற உதவும் என்று மருத்துவர் சொல்ல, தகனத்துக்கு முன்னால் அவன் குழந்தையை வாங்கி வைத்துக்கொண்டிருந்தான். ஆண் குழந்தை. எடை எவ்வளவு, நிறம் எப்படி, முடி எப்படி, விரல்கள் எப்படி மடங்கியிருந்தன, எல்லாவற்றையும் இப்போது சொல்கிறான். அவள்மேல் அன்பு இருந்தவரை சொல்லவே கூடாது என்று தனக்குத்தானே சத்தியம் செய்துகொண்ட விஷயம் அது.

அவன் எழுந்து தட்டுகளை எடுத்துக்கொண்டு போகிறான். பின்னால் விளக்கு அணைகிறது. அணைத்தவள் ஷோபா. அவள் மேசைக்குத் திரும்பி வந்து உட்காருகிறாள், அவனும் வந்து உட்காருகிறான். இருவரும் சேர்ந்து அழுகிறார்கள். கதை அங்கே நின்றுவிடுகிறது.

பழிவாங்கத்தான் சொன்னான் என்பார் சிலர். அதை என்னால் முழுதாக மறுக்க முடியவில்லை. பிரிவை அவள் அறிவித்த அடுத்த நொடியில் வருகிற சொல் அது. ஆனால் பழி மட்டும் என்றால், ஆண் குழந்தை என்ற ஒரு வார்த்தை போதும். விரல் மடங்கியிருந்ததுவரை சொல்லவேண்டிய தேவை இல்லை. அந்தக் குழந்தையைக் கையில் வாங்காத தாய்க்கு அவன் தர முடிந்தது அந்த விவரம் ஒன்றுதான். ஆறு மாதம் தனியே சுமந்த துக்கத்தில் பாதியை அவளிடம் கொடுக்கிறான். கதையில் அவர்கள் ஒன்றாக அழுவது அப்போதுதான். அதனால் சொல்கிறேன், அவர்கள் உண்மையாகப் பேசியது முதல் நான்கு இரவில் இல்லை, கடைசி இரவில், அந்தச் சில நிமிடங்களில் மட்டும்தான்.

ஷோபா அந்தப் புது வீட்டுக்குப் போனாளா இல்லையா என்று லாஹிரி சொல்லவில்லை. ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது என்பதையும் மறக்க முடியாது. போயிருப்பாள் என்றே எனக்குத் தோன்றுகிறது. மனம்விட்டுப் பேசினால் எல்லாம் சேர்ந்துவிடும் என்று இந்தக் கதை எந்த வரியிலும் வாக்குக் கொடுக்கவில்லை. அதனால்தான் இதை நான் நம்புகிறேன்.

நேயர்களே, இது நீண்ட கதை இல்லை, ஒரே மாலையில் படித்துவிடலாம். உங்கள் வீட்டில் படிக்கிறவர் இன்னொருவர் இருந்தால், ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் கேளுங்கள். கடைசிப் பக்கத்தை முடித்ததும், ஷோபா போய்விட்டாளா, அவன் அதைச் சொல்லியிருக்க வேண்டுமா என்று இருவரும் பேசிப்பாருங்கள். உங்கள் பதில் என் பதிலாக இருக்கவேண்டியதில்லை.