நம்பிக்கையே நம் விலாசம்
(கட்டட மின்பணியாளர், குழாய்ப்பணியாளர் தொழிற்சங்க வகுப்பில் பெங்களூரு எலக்ட்ரீசியன் தோழர் ஒருவர் ஆற்றிய உரை)



செயலி நிறுவனம் ஒன்றுக்காக நான் சில காலம் உழைத்தேன். வாடிக்கையாளர் தந்த கூலியில் ஒரு பகுதியை நிறுவனம் பிடித்துக்கொண்டது. அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. வாடிக்கையாளரின் தொலைபேசி எண் நம் கைக்கு வருவதில்லை. வேலை நம்முடையது, உறவு நிறுவனத்துடையது. அந்த உறவை நாமே வைத்துக்கொள்வது எப்படி என்பதே இன்றைய பேச்சு.

ஒரு வேலையைச் சொல்கிறேன். அடுக்குமாடி வீடு ஒன்றில் ஆர்.சி.சி.பி. காலைதோறும் விழுந்துகொண்டிருந்தது. முன்பு வந்தவர் புதியதொன்றை மாற்றினார், அதுவும் விழுந்தது. அதை நீக்கிவிட்டு நேரடியாக இணைத்துவிடலாம் என்று அவர் யோசனை கூறியிருந்தார். அந்தக் கருவி 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டித்து உயிரைக் காப்பது. அதை நீக்கினால் தொல்லை தீர்ந்ததுபோல் தோன்றும். ஆபத்து மறைந்து நிற்கும்.

நான் எல்லாச் சுற்றுகளையும் நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாக ஏற்றினேன். கீசர் சுற்றை ஏற்றிய சில நிமிடங்களில், நீர் சூடாகத் தொடங்கியதும், ஆர்.சி.சி.பி. விழுந்தது. மின் இணைப்பைத் துண்டித்து, மெகரால் கீசரின் எலிமெண்டுக்கும் எர்த்துக்கும் இடையே சோதித்தேன். காப்பு மிகவும் தளர்ந்திருந்தது. எலிமெண்டை மாற்றி, மீண்டும் சோதித்து, பழைய எலிமெண்டை வீட்டு அம்மாவிடம் காட்டினேன். பொருள் விலை தனி, கூலி தனி என்று இரசீது எழுதிக் கொடுத்தேன். டிபி பெட்டிக் கதவின் உட்புறம் எந்த சுவிட்ச் எந்த அறைக்கு என்று எழுதி, தேதியையும் என் எண்ணையும் ஒட்டினேன். ஒரு வாரம் கழித்து, "விழுகிறதா அம்மா?" என்று ஒரு முறை கேட்டேன். அடுத்த மழைக்காலத்துக்குள் அதே கட்டடத்தில் நான்கு வீடுகள் என்னை அழைத்தன. நற்பெயர் இப்படித்தான் பிறக்கிறது.

தெருவுக்கு வெளியே இருப்பவர் நம்மைக் கண்டுபிடிக்க கூகுள் வரைபடப் பதிவு உதவும். அது இலவசம். உங்கள் சொந்தக் கணக்கிலேயே தொடங்குங்கள். மொபைல் கடைக்காரர் தம் கணக்கில் பதிவு செய்துவிட்டால் பிற்பாடு உரிமையை மீட்பதற்குள் களைத்துப்போவீர்கள். மக்கள் அறிந்த பெயரையே இடுங்கள். "சிறந்த, மலிவான, 24 மணி நேரம்" என்று பெயரில் சேர்ப்பது விதிமீறல், பதிவு முடக்கப்படலாம். கடை இல்லாதவர் வீட்டு முகவரியை மறைத்துச் சேவைப் பகுதியை மட்டும் குறிக்கலாம். 20 பகுதிகள் வரை அனுமதி உண்டு. ஆனால் அரை மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய இடங்களையே குறிப்பது நல்லது. தாமதமாகச் செல்பவருக்கு ஒரு நட்சத்திரமே மிஞ்சும். சரிபார்ப்புக்குப் பெரும்பாலும் காணொளி கேட்பார்கள். தெருப்பலகை, கருவிப்பை, வயர்மேன் பெர்மிட் ஆகியவற்றை அதில் காட்டலாம். முதலிடம் பிடித்துத் தருகிறோம் என்று பணம் கேட்டு வரும் அழைப்புகளை நம்பாதீர்கள்.

மதிப்புரையை வேலை முடிந்த கணமே கேட்காமல், ஒரு வாரம் நிலைத்த பிறகு இணைப்பை அனுப்பிக் கேளுங்கள். என்ன பழுது, எப்படித் தீர்ந்தது என்று கன்னடத்திலோ தமிழிலோ எழுதச் சொல்லுங்கள். படிப்பவர்க்கு அதுவே பயன்படும். தள்ளுபடி கொடுத்து மதிப்புரை வாங்குவதும் விதிமீறல். குறை எழுதியவருக்குச் சினக்காமல், எப்போது வந்து பார்க்க முடியும் என்பதை மட்டும் பதிலாக எழுதுங்கள். அடுத்த வாடிக்கையாளர் அந்தப் பதிலைத்தான் படிக்கிறார்.

தோழர்களே, இந்த வரைபடமும் ஒரு தனியார் நிறுவனத்தின் உடைமைதான். ஒரு நாள் பதிவு முடங்கினால் முறையிடலாம்; கதவு திறக்கும்வரை காத்திருக்க வேண்டும். ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள்: பெயர், எண், தேதி, செய்த வேலை. புதியவரை வரைபடம் கொண்டுவரும். பழையவரை நோட்டுப் புத்தகமே திரும்ப அழைத்துவரும்.

இறுதியாக ஒன்று. பதிவுகள் பெருகும்போது ஒருவர் கூலியை மற்றவர் குறைத்துப் பிடிக்கும் போட்டி மூளும். நம் பகுதிக்கு ஒரு குறைந்தபட்ச வருகைக் கட்டணத்தைச் சங்கத்தில் பேசி முடிவு செய்து, அதை எல்லாப் பதிவுகளிலும் ஒன்றாகவே எழுதுவோம். ஊருக்குப் போகும் தோழரின் அழைப்பை மற்றவர் ஏற்று, வாடிக்கையாளரை அவரிடமே திருப்பி ஒப்படைப்போம். செயலி நம்மிடமிருந்து பறித்த உறவை நாம் ஒருவரிடமிருந்து ஒருவர் பறிக்கலாகாது.